கோடு போட்டு அடித்த ஒன்றரை

பாலை மோந்து பார்க்காமல் நான் ஒருநாளும் காப்பியில் ஊற்றியதில்லை. அன்று காலைதான் கடையில் வாங்கியது என்றாலும் மோந்துதான் பார்ப்பேன். "கல்யாணத்தன்னிக்குத் தாலியக் கடிச்சுப் பாத்தவளாச்சே நீ" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். கடித்துப் பார்க்கவில்லை. கையில் வைத்துக் கனம் பார்த்தேன், அவ்வளவுதான். சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. யாராவது காரணமில்லாமல் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யோசிப்பேன். காரணத்தோடு சிரித்தால் அந்தக் காரணம் உண்மைதானா என்று யோசிப்பேன்.

கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரியில் பொறியியல் மாணவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். வீடு பிரிக்பீல்ட்ஸில். காலையில் சென்ட்ரலில் கொமியூட்டர் ரயில் ஏறினால் கிள்ளான் வருவதற்குள் அன்றைய பாடத்தை ஒருமுறை மனதில் ஓட்டிவிடலாம். ரயில் தாமதமானால் இரண்டுமுறை ஓட்டலாம். பெரும்பாலும் இரண்டுமுறைதான்.

என்னுடைய இந்தக் குணம் வீட்டில் தொல்லை. தேர்வு மண்டபத்தில் அதற்கு மரியாதை உண்டு. கண்காணிப்பாளர் பட்டியலில் என் பெயரைப் பார்த்தாலே பிள்ளைகள் முனகுவார்கள். கால்குலேட்டர் மூடியைத் திருப்பிப் பார்ப்பேன். தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருக்கும் தாளைக்கூடப் படிப்பேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. மறைக்க மாட்டேன்.

அந்தப் பருவத் தேர்வில் பந்திங் என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் இருந்தாள். ஒல்லியாக, எப்போதும் தூக்கம் போதாத கண்களோடு இருப்பாள். பாடம் நடத்தியவர் வேறொருவர். நான் வாரம் ஒருமுறை பயிற்சி வகுப்பு மட்டும் எடுத்தேன். அதில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதிக்கொண்டிருப்பாள். இந்தத் தாளை அவள் இரண்டாம் முறை எழுதினாள். இரண்டாம் முறையும் தவறினால் படிப்பைவிட்டு வெளியேற வேண்டும் என்பது எங்கள் கல்லூரி விதி. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனாலேயே அன்று மண்டபத்தில் என் கண் அடிக்கடி அவள் பக்கம் போனது. நெருக்கடியில் இருப்பவர்கள்தான் தப்புச் செய்வார்கள் என்பது என் கணக்கு.

தேர்வு பாதிக்குமேல் போனபோது அவள் கையைத் தூக்கினாள்.

"மிஸ், டாய்லெட் போவணும்."

"இப்பவா?"

"வயித்து வலி மிஸ்."

அனுப்பினேன். அவளுக்குப் பின்னாலேயே உதவிக்கு இருந்த மலாய்ப் பெண்ணையும் கண்ணைக் காட்டி அனுப்பினேன். கதவுக்கு வெளியே நின்றதாகவும் உள்ளே ஒரு சத்தமும் இல்லை என்றும் அந்த மலாய்ப் பெண் வந்து சொன்னாள். சத்தமே இல்லை என்பதும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் பட்டது. திரும்பி வந்த பந்திங் பெண் தாளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஓரத்தில் சின்னதாக என்னவோ போட்டுப் பார்த்தாள். பிறகு பேனாவை அழுத்தி ஒரு வரியைக் குறுக்கே அடித்தாள். கீழே வேறொன்றை எழுதினாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு இரண்டு மேசை தள்ளி ஒரு பையன் ஒரு வரியை அடித்தான். அப்புறம் அவனுக்கு முன்னால் இருந்தவன். மண்டபத்தில் யார் எதை அடித்தாலும் எனக்குக் கேட்கும், பேனா தாளைக் கீறும் சத்தம் அப்படி. கண்காணிப்பு அறிக்கையில், பந்திங் பெண் வெளியே போய் வந்தாள் என்றும், வந்தபின் ஒரு விடையை மாற்றினாள் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாற்றியது எந்தக் கேள்வி என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் கல்லூரியில் ஒரு விரிவுரையாளர் ஒரே கேள்வியை எல்லாத் தாளிலும் திருத்துவது வழக்கம். அப்போதுதான் அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறாது என்பார்கள். எனக்கு நான்காம் கேள்வி வந்தது. கேள்வி எளிமையானதுதான். முதல் பகுதியில் x + 2y = 5 என்ற நேர்கோடு. ஆதிப்புள்ளியிலிருந்து அதற்கு மிகக் குறைந்த தூரம் என்ன? இரண்டாம் பகுதியில் y² = 4x என்ற பரவளையம். (3/2, 0) என்ற புள்ளியிலிருந்து அதற்கு மிகக் குறைந்த தூரம் என்ன? இரண்டையும் லக்ராஞ்ச் முறையில் செய்யச் சொல்லியிருந்தது.

இந்த மாதிரிக் கேள்விக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று பிரதியிடல். கோட்டின் சமன்பாட்டை வைத்து x, y இரண்டில் ஒன்றை ஒழித்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றை வைத்து வகையிட்டு வேலையை முடிப்பது. மற்றது லக்ராஞ்ச். அதில் எதையும் ஒழிப்பதில்லை. λ என்று புதிதாக ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டு மூன்று சமன்பாடுகளையும் ஒன்றாகத் தீர்க்க வேண்டும். கோட்டின் சமன்பாடு மூன்றாவதாகக் கடைசிவரை அங்கேயே நிற்கும். வேலை கூடுதல். பிள்ளைகளுக்குப் பிடிக்காது.

விடைத்திட்டத்தை, எங்கள் வாயில் ஸ்கீமாவை, பிரிப்பதற்கு முன்னால் கேள்வியை நானே ஒருமுறை செய்துவிடுவது என் பழக்கம். அடுத்தவர் விடையை முதலில் பார்த்துவிட்டால் நம் புத்தி அதன் பின்னாலேயே போய்விடும். நேர்கோட்டுக்கு √5 வந்தது. பரவளையத்தில் தூரத்தின் வர்க்கம் (x − 3/2)² + y². லக்ராஞ்ச் போட்டால் 2(x − 3/2) = −4λ என்று ஒன்று, 2y = 2λy என்று ஒன்று. இரண்டாவதில் y = 0 ஆக வேண்டும், இல்லையென்றால் λ = 1. λ = 1 என்று வைத்தால் x = −1/2. அதை y² = 4x-இல் போட்டால் y² = −2. அப்படி ஒரு புள்ளி கிடையாது, தள்ளு. மிச்சம் y = 0, x = 0. பரவளையத்தின் முனையே கிட்டத்துப் புள்ளி. தூரம் 3/2, ஒன்றரை.

ஸ்கீமாவைப் பிரித்தேன். √2 என்று இருந்தது.

உடனே நான் சந்தேகப்பட்டது என்னைத்தான். மறுபடி செய்தேன். மறுபடியும் ஒன்றரை. அப்புறம் வரைபடத் தாளில் பரவளையத்தைப் போட்டு, அந்தப் புள்ளியில் கவராயத்தை ஊன்றி √2 ஆரத்தில் ஒரு வட்டம் போட்டேன். வட்டம் பரவளையத்தைத் தொடவே இல்லை. ஸ்கீமாதான் தப்பு. போட்டவர் எங்கள் பாடத் தலைவர். திருச்சிப் பக்கத்திலிருந்து வேலை விசாவில் வந்தவர், முனைவர் பட்டம் வாங்கியவர். விரிவுரை முழுக்க அவர்தான் எடுத்திருந்தார். கணக்கில் கெட்டிக்காரர் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிறகு தாள்களைத் திருத்த ஆரம்பித்தேன். நாலைந்து தாளுக்குள் என் கை நின்றுவிட்டது. லக்ராஞ்ச் வரிகள் ஒழுங்காக இருக்கின்றன. x = −1/2 சரியாகத் தள்ளப்பட்டிருக்கிறது. கடைசி வரியில் 3/2 இருக்கிறது. அந்த 3/2-ஐக் கோடு போட்டு அடித்து, கீழே √2 என்று எழுதியிருக்கிறது. அடுத்த தாளிலும் அதே. இன்னொன்றிலும் அதே. பந்திங் பெண்ணின் தாளில் அந்தக் கோடு தாளே கிழிந்துவிடும்போல அழுத்தமாக இருந்தது.

சரியான விடை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் ஒரே மாதிரி வரும். தப்பு மட்டும் ஆளுக்கொரு மாதிரி வர வேண்டும். இங்கேயோ சரியான விடையைக் கையில் வைத்திருந்தவர்கள் வரிசையாக அதை அடித்துவிட்டு, ஸ்கீமாவில் இருக்கும் அதே தப்பை எழுதியிருக்கிறார்கள். ஸ்கீமாவைப் பார்த்தவனைத் தவிர வேறு யார் இப்படிச் செய்வார்கள்? வயிற்று வலி என்று வெளியே போனவள் என்ன கொண்டுவந்தாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தேன்.

நேராகப் பாடத் தலைவர் அறைக்குப் போனேன்.

"சார், நாலாம் கேள்வியில என்னமோ நடந்திருக்கு" என்று தாள்களைப் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் சிவந்தது.

"தப்பா போட்டுட்டு, அப்புறம் எல்லாரும் ஒண்ணா கரெக்ட் ஆன்சருக்கு மாத்தியிருக்காங்க. ஸ்கீம் வெளிய போயிருக்கு மேடம். க்ளியர் கேஸ்" என்றார்.

ஒன்றரையைத் தப்பு என்றும் √2-ஐச் சரி என்றும் அவர் சொன்னதைக் கேட்டேன். உங்கள் ஸ்கீமாதான் தப்பு என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. என் குணம் அதுதான். கையில் இருக்கும் சீட்டை உடனே கீழே போட மாட்டேன். அந்த ஸ்கீமா அவரிடம் மட்டும்தானே இருந்தது? வெளியே போயிருந்தால் எந்தக் கதவு வழியாகப் போயிருக்கும்?

"உங்க ரிப்போர்ட்ல ஒரு பொண்ணு வெளிய போனதா எழுதியிருக்கீங்க இல்ல, அந்தப் பந்திங் பொண்ணு. டிசிப்ளின் கமிட்டிக்கு அனுப்பிடலாம். அவ வந்து பக்கத்துல இருந்தவங்களுக்குச் சொன்னதை நீங்க பாத்ததா ஒரு லெட்டர் குடுத்துடுங்க."

"வெளிய போனா. வந்து ஒண்ணை மாத்தினா. சொன்னதை நான் பாக்கல சார்."

"பாக்கலன்னா என்ன மேடம், அதான் தெளிவா தெரியுதே!"

குழு தண்டித்தால் அந்தத் தாள் ரத்தாகும். ரத்தானால் அவளுக்கு அது இரண்டாம் தோல்வி, படிப்பு அத்துடன் முடிந்தது. அவருக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று என் மூளை குடைந்தது. நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ரயிலில் உட்காரும்போது என் மனதில் இரண்டு குற்றவாளிகள் இருந்தார்கள். ஷா ஆலம் நிலையம் தாண்டுவதற்குள் இருவரும் கூட்டுக் களவாணிகள் ஆகிவிட்டார்கள். அவ்வளவு வேகமாக ஓடும் என் புத்தி.

மறுநாள் காலை அந்தப் பெண்ணைப் பயிற்சி அறைக்கு வரச் சொன்னேன். வந்தாள். காலில் மழைச் சேறு. பந்திங் பஸ் வழியில் நின்றுவிட்டதாம், யாருடைய மோட்டார் சைக்கிளிலோ ஏறி வந்திருக்கிறாள்.

"போனை மேசை மேல வை" என்றேன், உட்காரு என்று சொல்வதற்கு முன்பே.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பையிலிருந்து போனை எடுத்து, திரை மேலே தெரியும்படி என் பக்கமாக வைத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒரு வெள்ளைத் தாளில் புதுக் கேள்வி எழுதிக் கொடுத்தேன். y² = 8x என்ற பரவளையம், (3, 0) என்ற புள்ளி, மிகக் குறைந்த தூரம் என்ன? அதே கேள்விதான், எண் மட்டும் வேறு. உண்மையிலேயே தெரிந்து எழுதினவள் என்றால் இதையும் செய்வாள். திருடி எழுதினவள் முழிப்பாள். இதுதான் நான் வைத்த பொறி.

அவள் முழிக்கவில்லை. லக்ராஞ்ச் வரிகளை வரிசையாக எழுதினாள். y = 0 அல்லது λ = 1. λ = 1 என்றால் x = −1, y² = −8, முடியாது. அதைத் தள்ளினாள். y = 0, x = 0. தூரம் 3. சரியான விடை. என் பொறியில் எலி விழவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

தாளை எடுக்கக் கையை நீட்டினேன். "இருங்க மிஸ், செக் பண்ணிடறேன்" என்றாள். ஓரத்தில் சின்ன எழுத்தில் y²-க்குப் பதில் 8x என்று போட்டாள். (x − 3)² + 8x. வகையிட்டாள். 2x + 2 = 0. x = −1. அதைத் திரும்ப உள்ளே போட்டாள். 16 − 8 = 8. தூரம் 2√2. கால்குலேட்டரைத் தட்டினாள், 2.828. கொஞ்ச நேரம் இரண்டு விடைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேனாவை அழுத்தி மேலே இருந்த 3-ஐக் கோடு போட்டு அடித்தாள். கீழே 2√2 என்று எழுதினாள்.

அந்தச் சத்தம், பேனா தாளைக் கீறும் சத்தம், மண்டபத்தில் கேட்ட அதே சத்தம்.

"ஏன்மா அடிச்சே?"

"ரெண்டு ஆன்சர் வந்துச்சி மிஸ். சின்னதுதானே மினிமம்?"

"யார் சொன்னா?"

"சார்தான் க்ளாஸ்ல சொன்னாரு. லக்ராஞ்ச் நீளம் லா, தப்பு வந்துரும், சப்ஸ்டிட்யூஷன் போட்டு செக் பண்ணுங்கன்னு. வர்ற வேல்யூ எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சி, இருக்கறதுலயே சின்னதை எடுக்கணும்னு. எங்க க்ளாஸ்ல எல்லாரும் அப்படித்தான் செய்வோம் மிஸ்."

நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஸ்கீமா எங்கும் போகவில்லை. ஸ்கீமா போட்டவர் எந்தக் குறுக்கு வழியில் √2-க்குப் போனாரோ, அதே வழியை அவரே வகுப்பில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். வர்ற மதிப்புகளில் சின்னதை எடு என்பது தப்பில்லை. ஆனால் அவை எல்லாம் வளைகோட்டின் மேல் இருக்கும் புள்ளிகளாக இருக்க வேண்டும். முதல் பகுதியில் நேர்கோட்டுக்கு இரண்டு வழியும் √5 என்றே சொல்லியிருக்கின்றன. அதில் x எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு y உண்டு, தொலைந்துபோக ஒன்றுமில்லை. அதனால் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. பரவளையத்தில் y²-ஐத் தூக்கிவிட்டு 4x-ஐ வைத்தால், x சுழியத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற நிபந்தனையும் y²-உடன் சேர்ந்து போய்விடும். அதற்கப்புறம் x எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம், கேட்க ஆளில்லை.

"இந்த x மைனஸ் ஒண்ணுல y என்ன வரும், பாரு" என்றேன்.

அவள் போட்டாள். பேனா நின்றது. கண்கள் தாளில் மேலே போயின, கீழே வந்தன.

"அலாமாக்! இது மேலயே ரிஜெக்ட் பண்ணது லா மிஸ். அதே மைனஸ் ஒண்ணு."

அதேதான். முன்வாசலில் காவலாளி திருப்பி அனுப்பின ஆளை அவளே பின்வாசல் வழியாக உள்ளே கூட்டிவந்து நாற்காலி போட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கின சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

"அப்ப பரீட்சையிலயும் ஒன்றரைதான் சரியா மிஸ்?"

"ம்."

"நான்தான் அதை அடிச்சிட்டேன்."

நீ திருடவில்லை என்பதற்கு ஒரே சாட்சி, நீ தப்பாக எழுதியிருக்கிறாய் என்பதுதான் என்று எப்படிச் சொல்வது? அவள் திருடியதாகப் பேச்சு ஓடுவது அவளுக்கு அப்போது தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போகலாம் என்றேன். போனை எடுத்துக்கொண்டு போனாள்.

பாடத் தலைவர் அறைக்குப் போய், விஷயத்தைச் சொல்லாமல், நான்காம் கேள்வியைப் பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள் சார் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவரும் என்னைச் சந்தேகப்படுகிறார் என்று புரிந்தது. இருந்தாலும் எழுந்து எழுதினார். படுவேகம். (x − 3/2)² + 4x, வகையிடு, x = −1/2, மதிப்பு 2, தூரம் √2. எழுதி முடித்து மார்க்கரை மூடினார்.

"இதுல என்ன மேடம் சந்தேகம்?"

"அந்த இடத்துல y என்ன சார்?"

மூடியை மறுபடி திறந்தார். y² = −2 என்று எழுதினார். எழுதினதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்காக எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. பிறகு மெல்ல அத்தனையையும் அழித்துவிட்டு, இந்தமுறை y-ஐ வைத்துக்கொண்டு x-க்குப் பதில் y²/4 போட்டார். வகையிட்டதும் y வெளியே வந்தது. அடைப்புக்குறிக்குள் y²/4 + 1/2 மிஞ்சியது. அது ஒருநாளும் சுழியமாகாது. y = 0 மட்டும்தான். தூரம் ஒன்றரை.

"சப்ஸ்டிட்யூஷன்ல தப்பில்ல மேடம். எதை ஒழிக்கிறோம்ங்கிறதுலதான் இருக்கு" என்றார் பலகையைப் பார்த்தபடியே. அது உண்மை. மறுக்கவில்லை.

பிறகு பிள்ளைகள் எப்படி √2-க்குப் போனார்கள் என்று சொன்னேன். அவரே வகுப்பில் சொன்னதை அவருக்குத் திருப்பிச் சொன்னபோது மனுஷன் உட்கார்ந்துவிட்டார். அதே தேர்வை எழுதிய இன்னொரு மண்டபத்தின் தாள்கள், எனக்கு இன்னும் வராதவை, அவர் அலமாரியில்தான் இருந்தன. இரண்டு பேருமாகப் புரட்டினோம். அங்கேயும் ஒன்றரை மேல் கோடு, கீழே √2. வயிற்று வலிக்காரி அந்த மண்டபத்துப் பக்கமே போனதில்லை.

"லெட்டர் வேணாம் மேடம்" என்றார்.

"வேணாம்னா போதாது சார். அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். நான் இரண்டுமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். அடுத்த வாரத் துறைக் கூட்டத்தில், ஸ்கீமாவில் ஒரு தட்டச்சுப் பிழை இருந்தது, திருத்திவிட்டோம் என்று அறிவித்தார். ஒன்றரையைத் தட்டச்சு செய்யும்போது விரல் வழுக்கி வர்க்கமூலக் குறியில் போய் விழுந்ததாம்! எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். வேண்டியது கிடைத்துவிட்டது.

கிடைத்துவிட்டதா? திருத்திய ஸ்கீமாவை வைத்து நான் மறுபடி எல்லாத் தாளையும் பார்த்தேன். கோடு போட்டு அடித்த விடையை மதிப்பிடக்கூடாது என்பது விதி. பழைய ஸ்கீமா இருந்திருந்தால் பந்திங் பெண்ணுக்கு முழு மதிப்பெண்ணும் திருட்டுப் பட்டமும் கிடைத்திருக்கும். புது ஸ்கீமாவில் திருட்டுப் பட்டம் போயிற்று, விடைக்கான மதிப்பெண்ணும் போயிற்று. வழிமுறைக்கு உரியதை மட்டும் போட்டேன். அடித்த கோட்டையும் மீறி ஒன்றரை பளிச்சென்று தெரிந்தது. அவள் கையெழுத்தில், அவள் மூளையிலிருந்து வந்த ஒன்றரை. அதற்கு மதிப்பெண் போட எனக்கு உரிமை இல்லை. அழுகை வந்தது. திருத்தும் அறையில் யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதேன்.

அவள் தேறினாள். மயிரிழையில் தேறினாள். படிப்பு பிழைத்தது. பட்டியல் ஒட்டின அன்று நடைபாதையில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கு முடிஞ்சிருச்சி. அந்தப் பொண்ணுக்கு?" என்றார். அவரும் சில நேரம் தேவையில்லாமல் சரியாகப் பேசிவிடுவார்.

அடுத்த பருவத்தில் ஒருநாள் அவள் தானாகவே ஒரு சந்தேகம் கேட்க என் மேசைக்கு வந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசி வரிசைக்காரி முதல்முறையாகக் கேள்வியோடு வருகிறாள். உட்காரு என்றேன். உட்காருவதற்கு முன்னால் அவள் பையைத் திறந்து, போனை எடுத்து, திரை மேலே தெரியும்படி என் பக்கமாக மேசைமேல் வைத்தாள்.

"அதெல்லாம் வேணாம்மா, உள்ள வை."

"பரவால்ல மிஸ், இருக்கட்டும்."

குரலில் கோபம் இல்லை. மண்டபத்தில் அவளுக்குப் பின்னால் நான் ஆள் அனுப்பியது, அறிக்கையில் எழுதியது, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கணக்கைப் பார்க்கிறவள் போலக் குனிந்துகொண்டேன். ஒரு கோளத்தில் கிட்டத்துப் புள்ளியைக் கேட்டிருந்தது. அவள் சரியாகத்தான் செய்திருந்தாள். பக்கத்தில் சின்ன எழுத்தில், புள்ளி அதன் மேல்தான் இருக்கிறதா என்று சரிபார்த்தும் இருந்தாள்.

பாதியில் மேசைமேல் போன் அதிர்ந்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. அவள் கை பாதி தூரம் வந்து நின்றது. போன் மேசையில் நகர்ந்து நகர்ந்து என் பக்கம் வந்துகொண்டிருந்தது.

அவள் என்னைப் பார்த்து, "எடுக்கட்டா மிஸ்?" என்று கேட்டாள்.